தண்ணீருக்குள் இன்னொரு கேமரா: படத்தில் சேர்த்த உருவத்துக்குப் பிரதிபலிப்பு அமைப்பது

ஒரு கோயில் குளத்தின் படம் கையில் இருக்கிறது. காற்றில்லாத காலை, பாசி நிறத் தண்ணீர், எதிர்க்கரையில் மண்டபம், இந்தப் பக்கம் கல் படிக்கட்டு. அந்தப் படியில் ஒரு பெண்ணை, பக்கத்தில் ஒரு பித்தளைக் குடத்தோடு, புதிதாக நிற்க வைக்க வேண்டும். வேறு இடத்தில் எடுத்த படத்திலிருந்து அவரை வெட்டி எடுத்து, வெளிச்சமும் நிறமும் பொருத்தி, படியில் நிறுத்தியாயிற்று. தண்ணீரில் அவர் உருவம் தெரிய வேண்டுமே என்று ஃபோட்டோஷாப்பில் அதே லேயரை நகலெடுத்து, தலைகீழாகத் திருப்பி, காலோடு கால் ஒட்டி, ஒபாசிட்டியைப் பாதியாகக் குறைத்தால் முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முடித்துப் பார்த்தால் படம் பொய் சொல்கிறது. எங்கே என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ இடிக்கிறது என்று மட்டும் தெரியும்.

இடிப்பது ஒரே காரணத்தால். தண்ணீரில் தெரிவது அந்தப் பெண்ணின் தலைகீழ்ப் படம் அல்ல. கேமரா நீர்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ, அவ்வளவு கீழே, தண்ணீருக்கு அடியில் இன்னொரு கேமரா இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது அண்ணாந்து பார்த்து எடுக்கும் படம்தான், கவிழ்ந்த நிலையில், நீர்ப்பரப்பில் நமக்குத் தெரிகிறது. பிரதிபலிப்பு எங்கே தொடங்க வேண்டும், எது தெரியும், எது மறையும் என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்த ஒரு விஷயத்திலேயே பதில் இருக்கிறது.

முதலில் இடம். பெண் நிற்பது மூன்றாவது படியில். ஒவ்வொரு படியும் 20 செ.மீ. உயரம் என்றால், அவர் பாதம் நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. மேலே. மடிப்புக் கோடு பாதத்தில் இருக்க முடியாது, ஏனென்றால் அங்கே தண்ணீரே இல்லை. அவருக்கு நேர் கீழே, கல்லையும் மண்ணையும் துளைத்துக்கொண்டு இறங்கினால் நீர்மட்டம் எந்த இடத்தில் வருமோ, அந்தக் கோட்டில்தான் படம் மடிகிறது. அந்த இடம் படிக்கட்டுக்குள் ஒளிந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கணக்கிட்டுவிடலாம்.

நம் படம் நெட்டுவாக்கில் 3000 x 4000 பிக்சல் என்று வைப்போம். கேமராவைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து எடுத்தது. மேலிருந்து கீழாக எண்ணினால் பெண்ணின் உச்சந்தலை 1760-வது பிக்சலில், பாதம் 2400-ல். அவர் உயரம் 160 செ.மீ. என்றால் 640 பிக்சலுக்கு 160 செ.மீ., அதாவது செ.மீ.க்கு 4 பிக்சல். பாதத்துக்குக் கீழே 60 செ.மீ. என்பது 240 பிக்சல். ஆக மடிப்புக் கோடு 2640-ல் வருகிறது. அங்கே ஒரு கைடு போட்டுக்கொள்ளுங்கள். இனி எல்லாம் அந்தக் கோட்டிலிருந்து சம தூரம்: கோட்டுக்கு 240 பிக்சல் மேலே இருக்கும் பாதம் 2880-ல் பிரதிபலிக்கும், 880 பிக்சல் மேலே இருக்கும் தலை 3520-ல் போய் நிற்கும். லேயரை `Edit > Transform > Flip Vertical` கொடுத்துத் திருப்பி, பாதம் 2880-ஐத் தொடும் வரை நேர் கீழே இழுத்தால் போதும். இடது வலமாக ஒரு பிக்சல்கூட நகரக் கூடாது. நிழல் சூரியனைப் பொறுத்துப் பக்கவாட்டில் சாயும். பிரதிபலிப்பு எப்போதும் பொருளுக்கு நேர் கீழேதான் விழும்.

கணக்கு சரியா என்று படத்தையே கேட்டுப் பார்க்கலாம். எதிர்க்கரை மண்டபத்தின் ஒரு தூணை எடுத்துக்கொள்ளுங்கள். தூணின் உச்சிக்கும், தண்ணீரில் தெரியும் அதே உச்சிக்கும் நடுப்புள்ளியைக் குறித்தால், அது மண்டபத்துக்கு நேர் கீழே நீர்மட்டம் இருக்கும் இடம். அது நம் பெண்ணின் 2640-க்கு நன்றாக மேலே இருக்கும், காரணம் மண்டபம் தொலைவில் இருக்கிறது. படத்தில் உள்ள எல்லாப் பொருளுக்கும் பொதுவான ஒரே மடிப்புக் கோடு கிடையாது. தூரத்துக்குத் தூரம் கோடு மாறும். கரையில் நாலு பேரைச் சேர்த்து, நாலு பேரையும் ஒரே குரூப்பாகப் போட்டு ஒரேயடியாகத் திருப்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்து எடுத்த படமானால் செங்குத்துக் கோடுகள் கீழே போகப்போகக் குவியும். அப்போது தூணையும் அதன் பிரதிபலிப்பையும் இணைத்து ஒரு கோடு வரைந்து, உங்கள் உருவத்தையும் அந்தச் சாய்வுக்கு ஏற்பத் திருத்த வேண்டியிருக்கும். சாய்வு கொஞ்சம்தான் என்றால், படத்தின் நடுப்பகுதியில் நிற்கும் ஆளுக்கு இது கண்ணில் படாது.

இப்போது எது தெரியும், எது மறையும் என்று பார்ப்போம். அசல் படத்தில் படிக்கட்டை உற்றுப் பாருங்கள். நேரடியாகப் பார்க்கும்போது ஒவ்வொரு படிக்கும் இரண்டு பரப்பு தெரிகிறது: நாம் மிதிக்கும் மேல்பரப்பு, செங்குத்தான முன்பக்கம். தண்ணீரில் தெரியும் படிக்கட்டிலோ மேல்பரப்பே இல்லை. முன்பக்கங்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல இருக்கும். தண்ணீருக்கு அடியிலிருந்து அண்ணாந்து பார்க்கிறவருக்குப் படியின் மேல்பரப்பு எப்படித் தெரியும்? அதே காரணத்தால், அந்தப் பரப்பில் பதிந்திருக்கும் பெண்ணின் பாதமும் தெரியாது. படியின் விளிம்பு அதை மறைத்துவிடும்.

எவ்வளவு மறையும்? கேமரா நீர்மட்டத்துக்கு 1.6 மீட்டர் மேலே, பெண் 10 மீட்டர் தொலைவில், ஒவ்வொரு படியும் 33 செ.மீ. அகலம் என்று வைத்தால், அவர் நிற்கும் படியின் விளிம்பு தண்ணீரில் சுமார் 2910-ல் தெரியும். பாதத்தின் பிரதிபலிப்பு 2880-ல். இடையில் உள்ள 30 பிக்சல் விளிம்புக்குப் பின்னால் போய்விடுகிறது. அது ஏறக்குறைய 8 செ.மீ., அதாவது கணுக்கால் வரை. ஆகவே தண்ணீரில் அவர் கணுக்காலுக்கு மேலிருந்துதான் தொடங்குவார். இந்தக் கணக்கைக்கூடப் போட வேண்டியதில்லை என்பதுதான் நல்ல செய்தி. படிக்கட்டின் பிரதிபலிப்பு ஏற்கெனவே படத்தில் இருக்கிறதே! அதில் அவர் நிற்கும் படியின் விளிம்பு எங்கே தெரிகிறதோ, அதற்கு மேலே உள்ளதை மாஸ்க்கில் மறைத்துவிட்டால் சரி. நீர்விளிம்பு 2710-ல், படிகளின் பிரதிபலிப்பு 2710 முதல் 2910 வரை, அதற்குக் கீழே பெண். அந்த 200 பிக்சல் கல் இடைவெளிதான் அவரை உண்மையாகவே படியில் நிற்க வைக்கிறது. காலோடு கால் ஒட்டிய வடிவத்தில் அவர் கண்ணாடித் தரையில் நிற்பதுபோல் தெரிந்ததற்குக் காரணமும் இந்த இடைவெளி இல்லாததுதான்.

குடத்தில் சிக்கல் வேறு வகை. கேமரா குடத்தின் வாயைவிட உயரத்தில் இருப்பதால் படத்தில் வாயின் வட்டமும் உள்ளிருட்டும் தெரிகின்றன. கீழிருந்து பார்க்கும் கேமராவுக்கு வாய் தெரியவே கூடாது. அதற்குப் பதில் குடத்தின் வயிறும் அடிப்பக்க வளைவும் தெரிய வேண்டும். நகலைத் திருப்பினால் தண்ணீருக்குள்ளும் திறந்த வாய் தெரியும். பரிசலையும் படகையும் சேர்க்கும்போது இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும்: உட்புறப் பலகைகள் பிரதிபலிப்பிலும் தெரிந்தால் எல்லாம் போச்சு. இந்த இடத்தில் எந்த மென்பொருள் வித்தையும் உதவாது, ஏனென்றால் உங்களிடம் உள்ள படத்தில் அந்த அடிப்பக்கமே பதிவாகவில்லை.

வழி ஒன்றுதான். குடத்தை இன்னொரு முறை, கீழிருந்து, சரியான கோணத்தில் படமெடுக்க வேண்டும். கோணம் நமக்குத் தெரியும். தண்ணீருக்கு அடியில் இருக்கும் கேமராவுக்கும் குடத்தின் அடிக்கும் உயர வித்தியாசம் 1.6-உம் 0.6-உம் சேர்ந்து 2.2 மீட்டர், தூரம் 10 மீட்டர். வீட்டில் 2.5 மீட்டர் தள்ளி நின்றால் அதே விகிதத்துக்கு 55 செ.மீ. வேண்டும். குடத்தை ஒரு மதில்மேல் வைத்து, அதன் அடி லென்ஸைவிட 55 செ.மீ. உயரத்தில் இருக்குமாறு கேமராவைத் தாழ்த்திப் பிடித்து எடுங்கள். அதைத் திருப்பிப் போட்டால் வாய் மறைந்து வயிறு தெரியும். பெண்ணுக்கு இவ்வளவு தேவையில்லை. 10 மீட்டர் தூரத்தில் நிற்கும் ஆளுக்கு மோவாயின் அடியும் சேலைக் கொசுவத்தின் ஓரமும் கொஞ்சம் மாறுமே தவிர, சிற்றலையில் அது கரைந்துவிடும். கேமரா தண்ணீரை ஒட்டித் தாழ்வாக இருந்தால் வித்தியாசம் இன்னும் குறையும். கேமரா உயர உயர, பொருள் கிட்டே வர வர, திருப்பிய நகல் உதவாது.

அடுத்தது வெளிச்சம். இங்கேதான் ஒபாசிட்டியைக் குறைக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். பெண் வருவதற்கு முன் அந்த நீர்ப்பரப்பில் என்ன தெரிந்தது? வானம். அவர் வந்து நின்றதும், வானத்திலிருந்து அந்த இடத்துக்கு வந்துகொண்டிருந்த ஒளியை அவர் உடம்பு மறித்துவிட்டது. எனவே அவர் உருவத்துக்குள் வானத்தின் பிரதிபலிப்பு மிச்சமிருக்கக் கூடாது. ஒபாசிட்டியைப் பாதியாக்கினால் உடம்பின் ஊடாக வெளிர்வானம் தெரியும், பெண் ஆவிபோல் ஆகிவிடுவார். வானம் விலகிய இடத்தில் தெரிய வேண்டியது தண்ணீரின் சொந்த நிறம், அதன்மேல் பெண்ணிடமிருந்து வரும் மங்கிய ஒளி.

இதனால் கறுப்பானவை தண்ணீரில் சற்று வெளுக்கும், வெளுப்பானவை மங்கும். கருங்கூந்தல் முழுக் கறுப்பாக இருக்காது, அதில் பாசி நிறம் ஏறியிருக்கும். வெள்ளை ரவிக்கை சாம்பலாகத் தெரியும். இதை அமைக்க, லேயரை முழு ஒபாசிட்டியில் வைத்துக்கொண்டு லெவல்ஸில் `Output Levels` இரண்டு முனைகளையும் உள்ளே தள்ள வேண்டும். எவ்வளவு என்பதையும் படமே சொல்லும். ஐட்ராப்பரை வைத்து இரண்டு ஜோடிகளைப் படியுங்கள். உதாரணமாக, மண்டபத்தின் சுண்ணாம்புச் சுவர் 235, தண்ணீரில் அதே சுவர் 150. மண்டபத்தின் இருண்ட உள்பகுதி 20, தண்ணீரில் 45. இந்த இரண்டு ஜோடிகளையும் ஒரே நேர்கோட்டில் வைத்தால், 0 என்பது 35 ஆகிறது, 255 என்பது 160 ஆகிறது. ஆக `Output Levels` 35, 160. தண்ணீர் பச்சையாக இருப்பதால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சானலுக்கும் தனித்தனியாக இதைச் செய்தால் கூந்தலுக்குப் பாசி நிறம் தானாகவே வந்துவிடும். பிக்சல் எண்கள் ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் இருப்பதில்லை என்பதால் இது தோராயம்தான். ஆனால் கண்ணை ஏமாற்ற இந்தத் தோராயம் தாராளம்.

ஒரு திருத்தம் மட்டும் பாக்கி. மேலே அளந்த மண்டபம் தொலைவில் இருக்கிறது. தண்ணீரை எவ்வளவு சாய்வாகப் பார்க்கிறோமோ அவ்வளவுக்கு அது கண்ணாடியாக நடந்துகொள்ளும். நேர் மேலே நின்று குனிந்து பார்த்தால் விழும் ஒளியில் சுமார் 2 சதவீதம்தான் திரும்பி வரும், மீதி உள்ளே போய்விடும். அதனால்தான் காலடித் தண்ணீரில் அடிமண் தெரிகிறது, எதிர்க்கரைத் தண்ணீரில் வானம் தெரிகிறது. கோணத்துக்கும் திரும்பும் ஒளிக்கும் உள்ள இந்த உறவை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கணக்காக எழுதியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃப்ரெனெல். நம் படத்தில் பெண்ணின் கணுக்கால் பிரதிபலிக்கும் இடத்தைப் பார்வை சுமார் 13 டிகிரிச் சாய்வில் தொடுகிறது, அங்கே 26 சதவீதம் போல ஒளி திரும்பும். தலை பிரதிபலிக்கும் இடம் நமக்குக் கிட்டே இருப்பதால் சாய்வு 21 டிகிரி, திரும்புவது 12 சதவீதம்தான். அதாவது தண்ணீரில் தலைப்பக்கம் காலைவிட ஏறத்தாழ பாதி மங்கலாக இருக்க வேண்டும். லெவல்ஸ் லேயரை இரண்டாக்கி, இரண்டாவதில் மேல்முனையை இன்னும் இறக்கி, தலையிலிருந்து காலை நோக்கிக் கிரேடியன்ட் மாஸ்க் போட்டுவிடுங்கள். எத்தனை இறக்குவது என்பதற்கு அக்கம்பக்கத்தில் வானம் பிரதிபலிப்பது கீழே வரவர எவ்வளவு இருள்கிறது என்று பாருங்கள். போலரைசர் மாட்டி எடுத்த படமானால் இந்தச் சதவீதமெல்லாம் பொருந்தாது, அந்த ஃபில்டரின் வேலையே பிரதிபலிப்பை விழுங்குவதுதான்.

சிற்றலை கடைசியில் வருகிறது. மிக அமைதியான குளத்திலும் பரப்பு கொஞ்சம் நெளிந்துகொண்டேதான் இருக்கும். அந்த நெளிவு உருவத்தை மேலும் கீழும் நிறைய இழுக்கும், பக்கவாட்டில் சிறிதளவே அசைக்கும். சாய்வாகப் பார்ப்பதன் விளைவு இது: 13 டிகிரிச் சாய்வில் பக்கவாட்டு அசைவு செங்குத்து அசைவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். தூணின் ஓரம் தண்ணீரில் லேசாக மட்டும் வளைய, மண்டபத்தின் கிடைக்கோட்டுக் கார்னிஸ் அடையாளம் தெரியாமல் கரைவது இதனால்தான். எனவே எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் காசியன் பிளர் இங்கே சரிவராது. மோஷன் பிளரைக் கோணம் 90-இல் வைத்துச் செங்குத்தாகக் கொடுங்கள். கரையை ஒட்டிய இடத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, கீழே போகப்போக அதிகம். உருவத்தின் எந்தப் பகுதி நீர்மட்டத்திலிருந்து விலகி இருக்கிறதோ, அதைத்தான் அலை அதிகம் கலைக்கும்.

பிளர் மட்டும் போட்டால் ஈரக் காகிதம்போல் வழவழவென்று நிற்கும். அலைகளின் வெட்டு வேண்டும். அதற்கு அந்தத் தண்ணீரையே பயன்படுத்தலாம். நீர்ப்பகுதியைக் கறுப்பு வெள்ளையாக்கி, லேசாக பிளர் செய்து, தனி `.psd` கோப்பாகச் சேமியுங்கள். அது நடுச்சாம்பலைச் சுற்றி இருக்குமாறு லெவல்ஸில் சரிசெய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் 128 என்ற சாம்பல் மதிப்புள்ள இடம் அசையாது, அதைவிட வெளுத்ததும் கறுத்ததும் எதிரெதிர்த் திசையில் நகரும். பிறகு ஃபோட்டோஷாப்பில் பெண்ணின் பிரதிபலிப்பு லேயருக்கு `Filter > Distort > Displace` கொடுத்து, கிடைமட்டம் 2, செங்குத்து 10 என்று போட்டு, மேப்பாக அந்த `.psd` கோப்பைத் தேர்ந்தெடுங்கள். 100 என்றால் அதிகபட்சம் 128 பிக்சல் நகரும், ஆகவே 10 என்பது 12, 13 பிக்சல் வரை. லேயரின் அளவும் அந்தக் கோப்பின் அளவும் முழுப் படத்தின் அளவுக்குச் சமமாக இருந்தால்தான் மேப் உரிய அலைமேல் உட்காரும். ஜிம்ப்பில் இதே வேலைக்கு `Filters > Map > Displace` இருக்கிறது.

தண்ணீர்மேல் மிதக்கும் தாமரை இலை, பூச்சரம், பிளாஸ்டிக் கவர் எல்லாவற்றையும் பிரதிபலிப்புக்கு மேல் மாஸ்க்கில் மீட்டெடுக்க வேண்டும். நல்ல வேலையெல்லாம் செய்துவிட்டு, ஒரு பாசித் திட்டின்மேல் பெண்ணின் முகத்தைத் தெரியவிட்டவர்கள் உண்டு. இலைமேல் விழுவது நிழல் மட்டும்தான். தெளிந்த தண்ணீரில் நிழல் நிற்காது, கலங்கிய செந்தண்ணீரில் நிற்கும். எனவே மழைக்கால ஏரிப் படத்தில் பிரதிபலிப்பு, நிழல் இரண்டையும் தனித்தனித் திசையில் போட வேண்டி வரலாம்.

கடைமுகப்புக் கண்ணாடியிலும் இதே கதைதான், மடிப்புத் தளம் செங்குத்தாக நிற்கிறது என்பதுதான் வேறுபாடு. நகைக்கடைக் கண்ணாடிக்கு ஒரு மீட்டர் முன்னால் ஓர் ஆளைச் சேர்த்தால், அவர் பிரதிபலிப்பு கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி நிற்பதுபோல், அந்தத் தூரத்துக்கேற்பச் சிறுத்துத் தெரிய வேண்டும். அவர் முதுகு நமக்குத் தெரிகிறது என்றால் கண்ணாடியில் முகம் தெரிய வேண்டும், அதற்கு இரண்டாவது படம் இல்லாமல் முடியாது.

ஒளிக்கணக்கு தண்ணீரில் பார்த்ததுதான். சாதாரணக் கண்ணாடியை நேராகப் பார்த்தால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 4 சதவீதம், இரண்டு பக்கமும் சேர்த்து 8 சதவீதம் போலத்தான் திரும்பும். மீதி கடைக்குள் இருப்பது. பகலில் அந்தக் கண்ணாடியில் வெயிலடிக்கும் தெரு பளபளக்கும். ஆள் போய் நின்றால் அவர் வடிவ அளவுக்குத் தெரு மறைந்து, உள்ளே இருக்கும் அலமாரி தெளிவாகும். கண்ணாடியில் கையைக் குவித்து வைத்து உள்ளே எட்டிப் பார்க்கிறோமே, அது இதுதான். எனவே முதலில் அவர் வடிவத்துக்குள் தெருவின் பிரதிபலிப்பை நீக்கிக் கடையின் உட்புறத்தை வெளிக்கொண்டு வர வேண்டும், பிறகு அவருடைய உருவத்தை நன்றாக இருட்டாக்கி, `Screen` மோடில் அதன்மேல் வைக்க வேண்டும். விளக்கெரியும் வெள்ளை அலமாரிக்கு முன்னால் அவர் சட்டை ஏறக்குறையக் காணாமல் போகும், கறுப்பு வெல்வெட்டுக்கு முன்னால் பொத்தான்கூடத் தெரியும். இது தானாகவே நடக்கிறதா என்று பாருங்கள். நடக்கவில்லை என்றால் மோடு இன்னும் `Normal`-இல் இருக்கிறது. இரட்டைக் கண்ணாடி போட்ட கட்டடமானால் உருவமும் இரண்டாகத் தெரியும்: அதே லேயரின் நகல் ஒன்றை, சற்று மங்கலாக, சில பிக்சல் தள்ளி வைத்தால் போதும். எந்தப் பக்கம் தள்ளுவது என்பதை அந்தக் கண்ணாடியில் ஏற்கெனவே தெரியும் ஒரு தெருவிளக்கின் இரட்டைப் புள்ளியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.